பத்து சதவீதம் எதன் மேல்?

கோயம்புத்தூரில் ஒரு சிறிய பட்டறை என்று வைத்துக்கொள்வோம். 2020 அக்டோபர் 1-ஆம் தேதி ஒரு கடைசல் இயந்திரம் வாங்குகிறார்கள். விலை 1,90,000 ரூபாய். கொண்டுவந்து இறக்கி, தளம் போட்டு, பொருத்தி ஓட்டிப் பார்க்க இன்னொரு 10,000 ரூபாய். தேய்மானம் ஆண்டுக்கு 10%. கணக்கை ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31-இல் முடிக்கிறார்கள். 2023 செப்டம்பர் 30 அன்று அந்த இயந்திரத்தை 1,45,000 ரூபாய்க்கு விற்றுவிடுகிறார்கள். விற்றதில் இலாபமா, நட்டமா?

ப்ளஸ் ஒன் கணக்குப்பதிவியல் படித்த யாருக்கும் இந்த மாதிரிக் கேள்வி பழக்கமானது. இதே எண்களுக்கு ஒரு மாணவர் 5,000 ரூபாய் இலாபம் என்று எழுதுகிறார். பக்கத்து மாணவர் 1,205 ரூபாய் நட்டம் என்று எழுதுகிறார். இருவர் கூட்டல் கழித்தலிலும் பிழை கிடையாது. முதலாமவர் நேர்க்கோட்டு முறையில் போட்டிருக்கிறார், இரண்டாமவர் குறைந்து செல் மதிப்பு முறையில். கேள்வி எதைக் கேட்டது என்பதுதான் பிரச்சினை.

இரண்டையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவோம். பொருத்தும் செலவும் இயந்திரத்தின் அடக்கவிலையில் சேரும், ஆகவே அடக்கவிலை 2,00,000 ரூபாய். முதல் கணக்காண்டில் இயந்திரம் அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதம்தான் நம்மிடம் இருந்தது. ஆண்டுக்கு 10% என்றால் 20,000. ஆறு மாதத்துக்கு 10,000. இரண்டு முறையிலும் முதல் ஆண்டுத் தேய்மானம் இதுதான். 2021 மார்ச் 31-இல் ஏட்டு மதிப்பு 1,90,000.

பாதை பிரிவது இரண்டாம் ஆண்டில். நேர்க்கோட்டு முறைக்கு 1,90,000 என்ற எண்ணோடு எந்த வேலையும் இல்லை. அது மறுபடி வாங்கிய விலைக்கே போய் 2,00,000-இல் 10% என்று 20,000 கழிக்கிறது. மூன்றாம் ஆண்டும் 20,000. நான்காம் ஆண்டில் விற்கும்வரை ஆறு மாதம், 10,000. மொத்தம் 60,000 கழிந்து, விற்ற அன்று ஏட்டில் நிற்பது 1,40,000. கையில் வந்தது 1,45,000. இலாபம் 5,000.

குறைந்து செல் மதிப்பு முறை ஆண்டுத் தொடக்கத்தில் ஏட்டில் என்ன நிற்கிறதோ அதன் மேல் 10% போடும். 1,90,000-க்கு 19,000, மீதி 1,71,000. அதற்கு 17,100, மீதி 1,53,900. கடைசி ஆறு மாதத்துக்கு 7,695, மீதி 1,46,205. இதை 1,45,000-க்கு விற்றால் 1,205 நட்டம்.

ஆக, முழுக் கணக்கும் ஒரே ஒரு கேள்வியில் தொங்குகிறது: பத்து சதவீதம் எதன் மேல்? வாங்கிய விலையின் மேல் என்றால் நேர்க்கோடு. மீதியின் மேல் என்றால் குறைந்து செல் மதிப்பு. கேள்வித்தாளைக் கையில் எடுத்ததும் எண்களுக்கு அடியில் கோடு போடுகிற பழக்கம் பல பிள்ளைகளுக்கு உண்டு. சதவீதத்துக்கு முன்னும் பின்னும் நிற்கிற சொற்களுக்குக் கோடு போடுவது இந்தப் பாடத்தில் அதைவிடப் பயன்படும்.

சில சொற்கள் ஐயத்துக்கு இடமே தருவதில்லை. 'அடக்கவிலையின் மேல்', 'அசல் விலையின் மேல்', 'ஆண்டுதோறும் சம தொகை', 'நிலையான தவணை' என்று வந்தால் நேர்க்கோட்டு முறை. 'குறைந்து செல் இருப்பின் மேல்', 'ஏட்டு மதிப்பின் மேல்', 'ஆண்டுத் தொடக்க மதிப்பின் மேல்' என்று வந்தால் மற்றது. இதில் ஒரு வழுக்கல் உண்டு. நேர்க்கோட்டில் நிலையாக இருப்பது தொகை. குறைந்து செல் முறையில் நிலையாக இருப்பது விகிதம். 'நிலையான' என்ற சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் நேர்க்கோடு என்று பாய்ந்துவிடக் கூடாது, அடுத்து வருவது தவணையா விகிதமா என்று பார்க்க வேண்டும்.

சதவீதமே தராத கேள்விகளும் உண்டு. அடக்கவிலை 2,00,000, ஆயுட்காலம் 10 ஆண்டு, எறிமதிப்பு 20,000, ஆண்டுத் தேய்மானம் என்ன என்று கேட்டால் அது நேர்க்கோடுதான். அடக்கவிலையில் எறிமதிப்பைக் கழித்து, மீதி 1,80,000-ஐப் பத்தால் வகுத்தால் 18,000. இதை விகிதமாகச் சொல்லச் சொன்னால் 18,000-ஐ அடக்கவிலை 2,00,000-ஆல் வகுக்கிறோம்: 9%. இங்கேதான் நன்றாகப் படிக்கிற பிள்ளையும் சறுக்குகிறது. கேள்வியின் முதல் பகுதியில் 9% கண்டுபிடித்துவிட்டு, அடுத்த பகுதியில் அந்த 9%-ஐ 1,80,000-இன் மேல் போட்டு 16,200 என்று எழுதுகிறது. எறிமதிப்பை ஒருமுறை கழித்துத்தான் 9% வந்தது. அதன் அடிமதிப்பு 2,00,000. இன்னொருமுறை கழித்தால் பத்து ஆண்டு முடிவில் இயந்திரம் 20,000-இல் நிற்காது, 38,000-இல் நிற்கும்.

குறைந்து செல் முறையில் சதவீதத்தைக் கொடுத்துவிட்டு எறிமதிப்பையும் கொடுத்திருந்தால், அந்த எறிமதிப்பை எங்கும் கழிக்க வேண்டியதில்லை. இந்த முறையில் அது போய்ச் சேரும் இடம், புறப்படும் இடம் அல்ல. மாறாக ஆயுளையும் எறிமதிப்பையும் கொடுத்து, குறைந்து செல் முறையில் விகிதம் என்ன என்று கேட்டால் இந்தச் சூத்திரம் வேண்டும்:

விகிதம் = 1 − (எறிமதிப்பு ÷ அடக்கவிலை)^(1/n)

n என்பது ஆண்டுகள். நம் எடுத்துக்காட்டில் 20,000-ஐ 2,00,000-ஆல் வகுத்தால் பத்தில் ஒன்று. அதன் பத்தாம் மூலம் 0.7943, விகிதம் 20.57%. அதே இயந்திரம், அதே பத்து ஆண்டு, அதே 20,000-இல் போய் நிற்க நேர்க்கோட்டுக்கு 9% போதும், குறைந்து செல் முறைக்கு 20.57% வேண்டும். இந்த ஓர் ஒப்பீட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் தேர்வுக் கேள்விகளில் வரும் ஒரு செயற்கைத்தனம் புலப்படும். இரண்டு முறைக்கும் ஒரே 10% கொடுத்து ஒப்பிடச் சொல்வது கணக்குப் பழக்குவதற்காக மட்டுமே. நேர்க்கோட்டில் 10% பத்து ஆண்டில் இயந்திரத்தைச் சுழியாக்கிவிடும். குறைந்து செல் முறையில் அதே 10%, பத்து ஆண்டு கழித்தும் 2,00,000-இல் ஏறக்குறைய 69,700 ரூபாயை ஏட்டில் விட்டுவைக்கும். பழைய இரும்பு விலைக்குப் போகவேண்டிய இயந்திரத்துக்கு இவ்வளவு மதிப்பா என்று தணிக்கைக்கு வருகிறவர் நிச்சயம் கேட்பார்.

அதனால்தான் சட்டத்தில் விகிதங்கள் இரட்டையாக இருந்தன. 1956-ஆம் ஆண்டு நிறுமச் சட்டத்தின் 14-ஆம் அட்டவணையைப் புரட்டினால், பொதுவான இயந்திரங்களுக்கு ஒற்றை ஷிப்டுக்கு நேர்க்கோட்டில் 4.75%, குறைந்து செல் முறையில் 13.91% என்று அருகருகே போட்டிருக்கும். இரண்டும் ஒரே கணக்கின் இரு முகங்கள்: இருபது ஆண்டில் விலையில் 95% கழிய வேண்டும், 5% எஞ்ச வேண்டும். 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2-ஆம் அட்டவணை விகிதங்களை விட்டுவிட்டு ஆயுட்காலத்தைச் சொல்கிறது. பொதுவான இயந்திரங்களுக்கு 15 ஆண்டு, எறிமதிப்பு பொதுவாக அடக்கவிலையில் 5%-க்கு மேல் போகக் கூடாது. இதை நேர்க்கோட்டில் போட்டால் 6.33%, குறைந்து செல் முறையில் 18.10%. ஒரு நிறுவனத்தின் கணக்கில் முறையின் பெயரைச் சொல்லாமல் 18.10% என்றோ 13.91% என்றோ விகிதம் இருந்தால், அந்த எண்ணே முறையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி வாய் திறக்காத கேள்விகள். எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் மாலையில் ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "சார், இதுல என்ன முறைன்னே போடலையே" என்றாள்.

"கேள்வியை முழுசாப் படிச்சியாம்மா?"

"படிச்சேன் சார். மெஷின் ரெண்டு லட்சம், மூணு வருஷ மீதி குடுத்திருக்கு. விகிதத்தைக் கண்டுபிடிக்கச் சொல்றாங்க."

"அந்த மூணு மீதிதாம்மா முறை. ஒண்ணுல இருந்து ஒண்ணைக் கழிச்சுப் பாரு."

அவர் சொன்னதைச் செய்து பார்ப்போம். மார்ச் 31 மீதிகள் 1,90,000, 1,71,000, 1,53,900 என்று இருந்தால், ஆண்டுத் தேய்மானங்கள் 10,000, 19,000, 17,100. சம தொகை இல்லை, ஆகவே நேர்க்கோடு இல்லை. அடுத்து ஒவ்வொரு மீதியையும் முந்தைய மீதியால் வகுக்க வேண்டும். 1,71,000-ஐ 1,90,000-ஆல் வகுத்தால் 0.9. 1,53,900-ஐ 1,71,000-ஆல் வகுத்தாலும் 0.9. வகுத்து வரும் எண் மாறாமல் நின்றால் குறைந்து செல் முறை, விகிதம் 10%. மீதிகள் 1,90,000, 1,70,000, 1,50,000 என்று இருந்திருந்தால் கழித்து வரும் எண் 20,000 என்று நின்றிருக்கும், அது நேர்க்கோடு.

இந்தச் சோதனையில் முதல் ஆண்டை நம்பக் கூடாது. இயந்திரம் ஆண்டின் நடுவில் வந்திருந்தால் முதல் ஆண்டுத் தேய்மானம் அரையாகவோ காலாகவோ இருக்கும்; கழித்தாலும் வகுத்தாலும் அது மற்ற ஆண்டுகளோடு ஒட்டாது. நம் கணக்கில் 1,90,000-ஐ 2,00,000-ஆல் வகுத்தால் 0.95 வருகிறது. அதை வைத்து விகிதம் 5% என்று எழுதியவர்கள் உண்டு. இரண்டாவது, மூன்றாவது முழு ஆண்டுகளை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். வாங்கியது ஏப்ரல் 1 என்றால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அப்போதும் முதல் ஆண்டு இரண்டு முறையிலும் ஒரே தொகை என்பதால் அதை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது.

மொத்தத் தேய்மானம் மட்டும் கொடுத்திருந்தாலும் சமாளிக்கலாம். 2,00,000 ரூபாய் இயந்திரத்துக்கு 10% வீதம் மூன்று முழு ஆண்டு கழித்துத் திரண்ட தேய்மானம் 60,000 என்றால் நேர்க்கோடு. 54,200 என்றால் குறைந்து செல் முறை. சும்மா வருவதில்லை அந்த 54,200.

எந்தத் தடயமும் இல்லாத கேள்வி அபூர்வம், ஆனால் வருவதுண்டு. சதவீதம் மட்டும், விலை மட்டும், கேட்பது ஓர் ஆண்டுக் கணக்கு மட்டும் அல்ல, மூன்று ஆண்டுக்கு. அப்போது விடையின் முதல் வரியில் எந்த முறையைக் கொண்டோம் என்று எழுதிவிட்டுத் தொடர்வதுதான் நியாயம். எழுதாமல் விட்டால் திருத்துபவர் தன் கையிலுள்ள விடைக் குறிப்பை மட்டும்தான் பார்ப்பார்.

அடுத்த வகைதான் உண்மையான கலவை: ஒரே கேள்வியில் இரண்டு முறையும். நடுவழியில் நிறுவனம் முறையை மாற்றுகிறது. நம் பட்டறையையே எடுத்துக்கொள்வோம், ஆனால் இயந்திரத்தை விற்கவில்லை. 2023 மார்ச் 31 வரை நேர்க்கோட்டு முறை, 2023 ஏப்ரல் 1 முதல் குறைந்து செல் முறை, விகிதம் அதே 10%. 2023-24-க்குத் தேய்மானம் எவ்வளவு?

பழைய பாடப்புத்தகம் வைத்திருக்கும் அண்ணனும் புதிய புத்தகம் வைத்திருக்கும் தம்பியும் இதற்கு வேறு வேறு விடை எழுதுவார்கள். கணக்கியல் தரநிலை 6 நடப்பில் இருந்தபோது, தேய்மான முறையை மாற்றுவது கணக்கியல் கொள்கையை மாற்றுவதாகக் கருதப்பட்டது. அப்படியானால் இயந்திரம் வந்த நாளிலிருந்தே புதிய முறையில் திரும்பப் போட வேண்டும். நேர்க்கோட்டில் அதுவரை கழித்தது 50,000, ஏட்டில் நிற்பது 1,50,000. ஆரம்பத்திலிருந்தே குறைந்து செல் முறையில் போட்டிருந்தால் கழித்திருப்பது 46,100, நின்றிருப்பது 1,53,900. ஆக 3,900 ரூபாய் அதிகமாகக் கழித்திருக்கிறோம். அந்த 3,900-ஐ இயந்திரக் கணக்கில் பற்று வைத்து, இலாப நட்டக் கணக்கில் வரவு வைத்து, மீதியை 1,53,900-க்கு ஏற்றி, அதில் 10% என்று 15,390 கழிக்க வேண்டும். கேள்வியில் 'முன்தேதியிட்டு மாற்ற முடிவு செய்தது' என்றோ 'வாங்கிய நாளிலிருந்து செயல்படும்படி' என்றோ இருந்தால் எதிர்பார்க்கும் விடை இதுதான்.

2016 ஏப்ரல் 1-லோ அதன் பிறகோ தொடங்கும் கணக்காண்டுகளுக்குத் திருத்தப்பட்ட கணக்கியல் தரநிலை 10 வந்தது. அது முறை மாற்றத்தை மதிப்பீட்டின் மாற்றம் என்கிறது. மதிப்பீடு மாறினால் பழைய ஆண்டுகளைத் தோண்ட வேண்டியதில்லை. இன்று ஏட்டில் நிற்கும் 1,50,000-ஐ எடுத்துக்கொண்டு அதன் மேல் புதிய முறையில் 10% என்று 15,000 கழித்தால் போதும். 3,900 பற்றிய பேச்சே எழாது. சொத்தின் பயன் எப்படித் தீர்கிறது என்பதில் மாற்றம் தெரிந்தால் முறையை மாற்ற வேண்டும் என்பது தரநிலையின் எண்ணம். இந்த ஆண்டு இலாபம் கொஞ்சம் குறைவாகத் தெரிகிறதே என்பதற்காக மாற்றுவது அதன் எண்ணம் அல்ல. இதை ஒரு நல்ல திருத்தம் என்றே நினைக்கிறேன். நடந்து முடிந்த ஆண்டுகளின் தேய்மானத்தை ஒரே மூச்சில் இலாபமாக மாற்ற அந்தப் பழைய வழி கதவைத் திறந்துவைத்திருந்தது.

மறுதிசை மாற்றம் இன்னும் சுவையானது. அதுவரை குறைந்து செல் முறை, ஏட்டில் 1,53,900. 2023 ஏப்ரல் 1 முதல் நேர்க்கோடு. மாணவர்கள் இங்கே மூன்று விதமாகப் போடுகிறார்கள். ஒருவர் 1,53,900-இல் 10% என்று ஆண்டுக்கு 15,390 எழுதுகிறார். இன்னொருவர் அசல் விலை 2,00,000-இல் 10% என்று 20,000 எழுதுகிறார். மூன்றாமவர் இயந்திரத்தின் ஆயுள் என்ன என்று கேட்கிறார். ஆயுள் பத்து ஆண்டு, அதில் இரண்டரை ஆண்டு போய்விட்டது, மிச்சம் ஏழரை, எறிமதிப்பு இல்லை. 1,53,900-ஐ 7.5-ஆல் வகுத்தால் 20,520.

ஏழரை ஆண்டு முடிவில் என்ன மிஞ்சுகிறது என்று பார்த்தால் யார் சரி என்பது தானாகத் தெரியும். 15,390 வீதம் கழித்தால் 38,475 ரூபாய் ஏட்டிலேயே கிடக்கும். 20,000 வீதம் கழித்தால் 3,900 கிடக்கும். முன்னே பார்த்த அதே வித்தியாசம்தான். 20,520 வீதம் கழித்தால் கணக்கு நேராகச் சுழிக்கு வரும். தரநிலை கேட்பதும் இதைத்தான்: எஞ்சிய மதிப்பை எஞ்சிய ஆயுளில் பரப்ப வேண்டும். ஆனால் கேள்வி ஆயுளைச் சொல்லாமல் 'அசல் அடக்கவிலையின் மேல் 10%' என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் 20,000 எழுத வேண்டியதுதான். கேட்டவர் சொன்ன அடிமதிப்புக்கு மேல் நாம் போக முடியாது.

இறுதிக் கணக்குகளில் வரும் சரிக்கட்டுதல்களில் குழப்பம் வேறு மாதிரி. இருப்பாய்வில் இயந்திரம் 1,50,000 என்று ஒரே வரி. கீழே 'இயந்திரத்தின் மீது 10% தேய்மானம் நீக்குக'. இதில் முறையைத் தேடி அலைய வேண்டாம், கண்ணெதிரே இருக்கும் எண்ணில் 10%, அதாவது 15,000. ஆனால் இருப்பாய்வின் பற்றுப் பக்கத்தில் இயந்திரம் 2,00,000, வரவுப் பக்கத்தில் தேய்மான ஒதுக்கு 50,000 என்று இரண்டு வரி இருந்தால் நின்று படிக்க வேண்டும். இயந்திரக் கணக்கு இன்னும் வாங்கிய விலையிலேயே இருக்கிறது; கழித்ததெல்லாம் தனி ஏட்டில் சேர்ந்திருக்கிறது. நேர்க்கோடு என்றால் 2,00,000-இல் 10%, 20,000. குறைந்து செல் முறை என்றால் முதலில் 50,000-ஐக் கழித்து 1,50,000-இல் 10%, 15,000. இயந்திரக் கணக்கு அசல் விலையைக் காட்டுகிறது என்பதால் முறை நேர்க்கோடாகத்தான் இருக்கும் என்று நினைப்பது தவறு. ஒதுக்குக் கணக்கு வைப்பது பதிவு செய்யும் பாணி. முறைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை.

தேதியைப் பற்றியும் ஒன்று. 'ஆண்டுக்கு 10%' என்று இருந்தால் மாதக் கணக்கில் பிரிக்க வேண்டும் என்பதில் சண்டை இல்லை. வெறுமனே '10%' என்று இருந்தால், வாங்கிய தேதி எதுவானாலும் முழு ஆண்டுக்குப் போட வேண்டும் என்று சொல்லித்தரும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். தேதி கொடுத்திருக்கும்போது அதை மதிக்காமல் போடுவது எனக்கு ஒப்பவில்லை. எப்படியும் இது காலத்தைப் பற்றிய குழப்பம், முறையைப் பற்றியது அல்ல. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வியில் 'வருமான வரிச் சட்டப்படி' என்ற சொற்கள் வந்தால் மேலே சொன்ன மாதக் கணக்கையும் மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு, மின் உற்பத்தித் தொழிலுக்கு மட்டும் நேர்க்கோட்டைத் தேர்ந்துகொள்ள இடம் கொடுத்தது. மற்ற எல்லோருக்கும் குறைந்து செல் மதிப்புதான். பொதுவான இயந்திரங்களுக்கு 15%. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் அந்த ஆண்டுக்கு மட்டும் பாதி விகிதம். 180 நாளோ அதற்கு மேலோ என்றால் முழு விகிதம். நடுவில் படிகள் கிடையாது.

நம் பட்டறை இயந்திரம் அக்டோபர் 1 அன்றே ஓடத் தொடங்கியது என்றால், மார்ச் 31 வரை எண்ணிப் பார்த்தால் 182 நாள். ஏடுகளில் அரை ஆண்டுத் தேய்மானம் பெற்ற அதே இயந்திரத்துக்கு வரிக் கணக்கில் முழு 15% கிடைக்கும். கூடுதல் தேய்மானச் சலுகையை இங்கே சேர்க்காமல் போட்டால் முதல் ஆண்டு 30,000, மீதி 1,70,000. இரண்டாம் ஆண்டு 25,500, மீதி 1,44,500. மூன்றாம் ஆண்டு 21,675, மீதி 1,22,825. நான்கு நாள் தாமதமாக, அக்டோபர் 5-ஆம் தேதி ஓட்டத் தொடங்கியிருந்தால் 178 நாள். முதல் ஆண்டில் 15,000 மட்டும்.

விற்கிற ஆண்டில்தான் பெரிய வேறுபாடு. வரிச் சட்டம் இயந்திரங்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. ஒரே விகிதம் உள்ள ஒரே வகைச் சொத்துகளை ஒரு தொகுதியாகச் சேர்த்துவிடுகிறது. பட்டறையில் வேறு இயந்திரங்களும் அந்தத் தொகுதியில் இருந்து, தொகுதியின் மொத்த மதிப்பு விற்பனைத் தொகையைவிட அதிகமாக இருந்தால், 1,45,000-ஐ அந்த மொத்தத்திலிருந்து கழித்துவிட்டு மீதியின் மேல் 15% போடுவார்கள். விற்ற இயந்திரத்துக்குத் தனியே இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. தொகுதியில் இருந்தது இந்த ஒரே இயந்திரம் என்றால் அந்த ஆண்டுக்குத் தேய்மானம் கிடையாது. 1,45,000-இல் 1,22,825 போக மிஞ்சும் 22,175 ரூபாய், 50-ஆம் பிரிவின்படி குறுகிய கால மூலதன ஆதாயமாக வரிக்கு வரும்.